செங்கொடி எடை தூக்கப் பழகிய வருடம்

ஜூன் மாதத்தில் ஒரு காலை, கணவனைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது செங்கொடிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. துரையின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, குனிந்து, வழக்கம்போல இழுத்தாள். பாதி வழியில் முதுகில் யாரோ கத்தியைச் செருகியது போல் இருந்தது. நிமிரவும் முடியவில்லை, அவனைக் கீழே விடவும் முடியவில்லை. அப்படியே தொங்கிய நிலையில் பக்கத்து வீட்டு இருதயம்மாளைக் கூவி அழைத்தாள். அந்தம்மா ஓடிவந்து இடுப்பைப் பிடித்து இருவரையும் ஒருவழியாகக் கட்டிலில் சாய்த்தாள்.

துரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வலிக்குதா கொடி?"

"ஒன்னியும் இல்ல. நீ செத்த சும்மா கெட."

இரண்டு வருடத்துக்கு முன்பு பொங்கல் சமயத்தில், புளியந்தோப்பில் தன் தங்கை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏணியில் ஏறியவன் துரை. ஏணி வழுக்கியது. கழுத்தெலும்பில் அடிபட்டு, மார்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. கைகளில் பாதி உயிர் இருந்தது. கைப்பேசியைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்க்க முடியும், டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் அணைத்துப் பிடிக்க முடியும், அவ்வளவுதான். அதற்கு முன் ஃபிட்டர் வேலை பார்த்த ஆள், தெருவில் நடந்தால் வழி அடைத்துக்கொண்டு போகிற தோள்கள். பிள்ளை இல்லாத வீடு. காலடிப்பேட்டையில் தரைத்தளத்தில் ஒற்றை அறை, சமையல் மூலை, சுவரில் அம்பேத்கர் படம், அலமாரியில் கையளவு புத்தர். செங்கொடிக்கு வயது நாற்பது. ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை, எட்டு மணி நேரம் நின்றபடியே. அந்த நேரத்தில் இருதயம்மாள் அவ்வப்போது வந்து துரையைத் திருப்பிப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்வாள்.

அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிற பெண் அவளை நன்றாகக் கடிந்துகொண்டாள். ஆளை அக்குளில் பிடித்துத் தூக்கவே கூடாது, அடியில் துணி விரித்து நகர்த்த வேண்டும், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே பலகை வைத்துச் சறுக்க வேண்டும், கூட இன்னொருவர் இருக்க வேண்டும் என்றாள். மூன்று வாரம் ஓய்வு. அதன் பிறகு காலும் முதுகும் பலப்படுகிற மாதிரி ஏதாவது பயிற்சி செய்யச் சொன்னாள்.

"எங்க அக்கா பொண்ணு ஜெனி கீறா இல்ல?" என்றாள் இருதயம்மாள். "நம்ம மைதானம் பக்கத்துல ஷீட்டு போட்ட கொட்டாயில பசங்களுக்கு வெயிட்டு தூக்க சொல்லிக் குடுக்குறா. அவளாண்ட போய்க் கேளு. சாய்ங்காலம் ஒன் அவரு நான் துரையாண்ட குந்திக்கிறேன்."

ஜெனிக்கு இருபத்தெட்டு வயது. ராயபுரத்துப் பெண், மாநில அளவில் எடை தூக்கியவள். செங்கொடி சொன்னதையெல்லாம் சுவரில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"அக்கா, ஒன்னு இப்பவே சொல்லிடறேன். மனுசனத் தூக்குறது வேற, ராடு தூக்குறது வேற. ராட்ட நடுவுல புடிச்சா ரெண்டு பக்கமும் ஒரே கனம். மனுசன் அப்படி இல்ல. அண்ணனத் தூக்க நான் கத்துக் குடுக்க முடியாது. ஆனா ஸ்னாட்ச்சும் கிளீனும் ஒயுங்கா கத்துக்கினா காலு, முதுவு, தோளு எல்லாம் கெட்டிப்படும். பண்றியா?"

"அது இன்னா ரெண்டு பேரு?"

"தரையில இருந்து ராட்ட ஒரே மூச்சுல தலைக்கு மேல கொண்டு போனா ஸ்னாட்ச். தரையில இருந்து தோளுக்குக் கொண்டாந்து நிறுத்துனா கிளீன். ரெண்டும் கையால இழுக்குற வேலை இல்ல. கால் வேலை."

மூன்று வாரம் கழிந்து வலி முழுக்கப் போனதும் செங்கொடி சுடிதாரோடு போய் நின்றாள். ஜெனி அவள் கையில் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் பைப். தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற அதே பைப், ஆள் உயரம்.

"இதுவா?"

"இதான். ரெண்டு வாரத்துக்கு இதான்."

முதல் நாள் அந்தப் பைப்பைத் தொடையோடு ஒட்டிப் பிடித்து நிற்கவும், முழங்காலை லேசாக மடித்து நிமிர்ந்து எழவும் மட்டும் சொல்லிக்கொடுத்தாள். மேலேயிருந்து கீழே போவதுதான் அவள் முறை. முதலில் தொடையின் உச்சியிலிருந்து, அது பழகினால் முழங்காலுக்கு மேலிருந்து, கடைசியில்தான் தரையிலிருந்து. கட்டை விரலை மற்ற விரல்களுக்கு அடியில் மடக்கிப் பிடிக்கிற பிடியில் முதல் வாரம் விரல் சிவந்து எரிந்தது. கை கயிறு மாதிரி தொங்க வேண்டும், இடுப்பு முழுசாக நிமிர்கிற வரைக்கும் முழங்கை மடங்கக் கூடாது, பைப் உடம்பை உரசிக்கொண்டே மேலே போக வேண்டும். மூன்றையும் ஜெனி நூறு தடவை சொன்னாள்.

வாரத்துக்கு மூன்று நாள்தான். திங்கட்கிழமை ஸ்னாட்ச். பைப்பைத் தலைக்கு மேல் அகலமாகப் பிடித்து உட்கார்ந்து எழுவதும் அன்றைக்குத்தான். புதன்கிழமை கிளீன், முழங்கையை முன்னால் உயர்த்தி, தோளில் வைத்த கம்பியோடு உட்கார்ந்து எழுவது. வெள்ளிக்கிழமை இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம். நடு நாட்களில் பக்கமே வரக் கூடாது. ஒரு தடவைக்கு மூன்று, அப்படி ஐந்து தடவை. நாலாவது வாரம் எல்லாவற்றிலும் பாதி. ஐந்து தடவையும் ஒரே மாதிரி வந்தால்தான் எடை ஏறும், ஏறினாலும் இரண்டரைக் கிலோ. கணுக்கால் மடங்காமல் அவள் பின்னுக்குச் சாய்ந்தபோது குதிகாலுக்கு அடியில் இரண்டு சின்னத் தட்டுகளை வைத்தாள் ஜெனி. பதினைந்து கிலோ வெறும் ராடு கைக்கு வந்த அன்றைக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அதைக் கீழே போடுவதை.

"சரியா வரலன்னா புடிச்சிகினு தொங்காத. முன்னாடி தள்ளிட்டு பின்னாடி குதி. ராடு ஒடைஞ்சா வேற வாங்கிக்கலாம்."

செங்கொடிக்கு யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் பிடித்துவிட்டது. இடுப்பு நிமிரும்போது ராடு தன்னாலேயே எடையில்லாமல் மேலே எழும் ஒரு நொடி உண்டு. அந்த நொடியில் துரை நினைவுக்கு வருவதில்லை, மூத்திரப் பை நினைவுக்கு வருவதில்லை. வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அதற்காக வெட்கப்பட்டாள்.

துரை முதலில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதே அவளுக்கு உறைத்தது. ஏனென்றால் அவனும் ஒரு காலத்தில் எடை தூக்கியவன். வியாசர்பாடியில் பத்தொன்பது வயதில் தொடங்கி, மாவட்டப் போட்டியில் ஒரு முறை மூன்றாவதாக வந்து, இருபத்து நாலில் தோள் போய் நிறுத்தியவன். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஆகஸ்டில் ஜெனி அவள் கிளீனைக் கைப்பேசியில் வீடியோ படம் எடுத்து அனுப்பினாள், தப்பைத் தானே பார்க்கட்டும் என்று. செங்கொடி சோறு ஊட்டி முடித்துவிட்டு, தயங்கித் தயங்கி அதைத் துரைக்கு முன்னால் பிடித்தாள். அவன் ஒரு தடவை பார்த்தான். பிறகு கட்டைவிரலால் பின்னுக்குத் தள்ளி மறுபடி பார்த்தான்.

"முட்டிய தாண்டும்போது ராடு முன்னால போவுது. காலு மேல ஒரசிகினே வரணும்."

"ஜெனியும் அதான் சொல்லுது."

"பொண்ணு வெவரமாத்தான் கீது."

அன்று முதல் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவன் படத்துக்காகக் காத்திருந்தான். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் "எங்க, காட்டு" என்பான். அந்த ஆறு ஏழு வாரம்தான் விபத்துக்குப் பிறகு அவர்கள் நன்றாக இருந்த காலம். மாத்திரை, மலம், ஆஸ்பத்திரி தவிர வேறு ஏதோ ஒன்றைப் பற்றி இரண்டு பேரும் பேசினார்கள்.

ஆனால் பார்க்கப் பார்க்க அவனுக்கு உள்ளே ஏதோ புளித்தது. அக்டோபர் பிறந்தும் செங்கொடி கிளீனில் இருபத்தைந்து கிலோவிலேயே நின்றாள், அதுவும் முழங்காலுக்கு மேலிருந்து. ஸ்னாட்ச் இன்னும் வெறும் ராடுதான். தரையிலிருந்து தூக்க ஜெனி விடவில்லை.

"இன்னும் இருவத்தஞ்சா?" என்றான் துரை ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே அவனுக்கு உடம்பு முறுக்கிக்கொண்டு பேஜாராக இருந்தது. "துணி காயப் போடுற கொம்பா அது? நான் மொத வாரமே அறுவது போட்டவன். நீ இப்டியே தடவிகினு கீற. என்னிய தூக்குறதுக்குத்தானே போன? நான் அறுவத்தி நாலு கிலோ கொடி. எப்ப தூக்குவ? நான் செத்தப்புறமா?"

செங்கொடி சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். மறுநாள் கம்பெனியில் நாள் முழுக்க அந்தச் சொற்கள் காதில் ஓடின. மாலை ஐந்தரைக்குக் கொட்டகைக்குப் போனபோது ஜெனி வந்திருக்கவில்லை. பேருந்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருப்பதாகவும், பைப்பை வைத்து உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும்படியும் செய்தி அனுப்பியிருந்தாள். அந்தப் பக்கம் இரண்டு பேர் தங்கள் பாட்டுக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள்.

செங்கொடி பைப்பைத் தொடவில்லை. ராட்டின் இரண்டு பக்கமும் பத்துக் கிலோத் தட்டு, அதன் மேல் இரண்டரை. நாற்பது கிலோ. தரையில் இருந்த அதன் முன்னால் நின்று குனிந்தாள். உடம்பு முழுக்கக் கோபமாக இருந்தது. கோபம் கைக்குத்தான் வரும், காலுக்கு வராது. ராடு தரையை விட்ட உடனேயே கையால் இழுத்துவிட்டாள். அது உடம்பை விட்டு விலகி வளைந்து மேலே போனது. ஆனாலும் தோளுக்கு வந்தேவிட்டது. அவள் அதன் கீழே போய் உட்கார்ந்தபோது முழங்கை இரண்டும் முன்னால் உயராமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தன. வலது முழங்கை முழங்காலில் இடித்தது. நாற்பது கிலோவும் மணிக்கட்டின் மேல் சாய்ந்து அதைப் பின்னுக்கு மடித்தது. தள்ளிவிட வேண்டும் என்பது ஞாபகம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எலும்பு உடையவில்லை. தசைநார் கிழிந்திருந்தது. மூன்று வாரம் கையை அசைக்கக் கூடாது என்று பட்டை போட்டுக் கட்டினார்கள்.

ஜெனி வீட்டுக்கே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள். செங்கொடி கட்டிலின் பக்கம் பார்க்காமல், "புத்தி கெட்டுப் போச்சு ஜெனிம்மா" என்றாள். துரை கண்ணை மூடிக்கொண்டிருந்தான், தூங்கவில்லை.

துரையை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். உணர்ச்சியில்லாத உடம்பு, ஒரே இடம் அழுந்தினால் தோல் புண்ணாகும். இரண்டு வருடம் அவள் அலாரம் வைத்து எழுந்து திருப்பியிருக்கிறாள், ஒரு சிவப்புத் தடம்கூட விழவில்லை. இப்போது ஒற்றைக் கை, கம்பெனிக்கும் லீவு. பகலில் இருதயம்மாள் இரண்டு மூன்று தடவை வந்து உதவினாள். மற்ற நேரம் அவள் எழுந்து வந்தாலே துரை, "வேணாம், போய்ப் படு. இப்பத்தான் திருப்புன" என்பான். வலி மாத்திரையின் மயக்கத்தில் அவளும் நம்பிப் படுத்துவிடுவாள். அந்தக் கைக்கு மேலும் ஏதாவது ஆகிவிடும் என்று அவன் பயந்தான். தன் உடம்பு என்ன ஆகிறது என்று அவனுக்குத் தெரிய வழியில்லை.

ஒன்பதாவது நாள் உடம்பு துடைக்கும்போது, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தில் தோல் கறுத்திருப்பதைப் பார்த்தாள். இரண்டு நாளில் அது திறந்துகொண்டது.

மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக நவம்பர் போனது. செவிலியர் சொல்லிக்கொடுத்தபடி தினமும் புண்ணைக் கழுவிக் கட்டினாள். கொஞ்சம் ஆறுவது போலத் தெரியும், மறுபடி ஆழமாகும். "இந்த மாதிரி நோயாளிங்களுக்கு எப்ப வேணா வரலாம்மா, உங்க மேல தப்பு இல்ல" என்றார் டாக்டர். அவர் நல்ல எண்ணத்தில் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள், ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரு மதியம் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோது துரை முகத்தைத் தலையணையில் வைத்தபடியே பேசினான்.

"கொடி, அன்னிக்கு நான்தான் உன்ன சீண்டி அந்த வெயிட்ட போட வச்சேன்."

"நீயா தட்டு மாட்டுன? நான்தானே மாட்டுனேன்."

"கேளு. எனக்கு யாரும் பைப்பு குடுக்கல. மொத நாளே நாப்பது, மொத வாரமே அறுவது. தூக்குனா கை தட்டுவானுங்க. நானும் பெரிய ஆளுன்னு நெனச்சேன். கையால இழுக்குற பழக்கம் அப்பவே ஒட்டிகிச்சு. அஞ்சு வருசம் ஆகியும் போவல, தோளு போற வரைக்கும் போவல. அந்தப் பொண்ணு உனுக்கு வாரா வாரம் சொல்லிக் குடுக்கறத பாத்துகினே கெடந்தேனா, எனக்கு வயித்தெரிச்சல். என் பொண்டாட்டி மேலயே வயித்தெரிச்சல். அதான் பேசிட்டேன்."

அவள் கட்டை ஒட்டி முடித்தாள். பிறகு அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவனுக்கு முடி வெட்டி நாளாகியிருந்தது.

"கை சரியானா போ," என்றான் அவன். "பைப்புல இருந்து ஆரம்பி. ஆனா போ."

"உன்ன விட்டுட்டா?"

"ஒன் அவருதானே."

டிசம்பர் இரண்டாவது வாரம் காய்ச்சல் வந்தது. புண்ணின் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். பதினோரு நாள் வார்டில் கிடந்தான். கடைசி இரண்டு நாள் அவளை அடையாளம் தெரியவில்லை, யாரையோ பேர் சொல்லி, ராட்டைக் கீழே போடு, போடு என்று சொல்லிக்கொண்டிருந்தான். கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு மூச்சு நின்றது. வியாசர்பாடியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் இறுதிச் சடங்கில் பௌத்த முறைப்படி திரிசரணம் சொன்னார். இருதயம்மாள் வீட்டில் அந்த வருடம் நட்சத்திர விளக்கு போடவில்லை.

கட்டிலையும் நாற்காலியையும் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். அறை பெரிதாகிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உடம்பு தன்னால் விழித்துக்கொண்டது. எழுந்து உட்கார்ந்து, திருப்ப யாரும் இல்லை என்பது புரிந்து, மறுபடி படுப்பாள்.

ஜனவரி கடைசியில் ஒரு திங்கட்கிழமை செங்கொடி கொட்டகைக்குப் போனாள். அவன் போகச் சொன்னதால் போனாளா, வீட்டில் இருக்க முடியாமல் போனாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஜெனி அவள் கையைப் பிடித்தாள். மணிக்கட்டை முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்து, வலிக்கிறதா என்று மட்டும் கேட்டாள். பிறகு பைப்பைக் கொடுத்தாள்.

"மூணு மாசம் ஆச்சுக்கா. ரெண்டு வாரம் இதுலயே பண்ணலாம். அப்புறம் வெறும் ராடு."

தொடை உச்சியிலிருந்து மூன்று. நின்றாள். மறுபடி மூன்று. உடம்பு எதையும் மறக்கவில்லை. கை தொங்கியது, இடுப்பு நிமிர்ந்தது, முழங்கை சரியான நேரத்தில் முன்னால் சுழன்றது. தன் உடம்பு இவ்வளவு நன்றாக இருப்பது அவளுக்குத் தாங்கவில்லை. பைப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெளியே குழாயடியில் போய் நின்று அழுதாள். ஜெனி பின்னாலேயே வந்து கொஞ்ச தூரத்தில் நின்றாள், கிட்டே வரவில்லை.

"கோவத்துல தூக்குனேன் ஜெனி. அதான் அவரு போய்ட்டாரு."

"நான் லேட்டா வந்தேன்க்கா," என்றாள் ஜெனி. அவளும் இத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது செங்கொடிக்கு அப்போதுதான் தெரிந்தது.  முகம் கழுவிக்கொண்டு உள்ளே வந்து மீதி மூன்று தடவையையும் முடித்தாள்.

திங்கள், புதன், வெள்ளி. தனக்கென்று அவள் ஒரு விதி வைத்துக்கொண்டாள். மனசு கொதிக்கிற நாளில் எத்தனை கிலோவுக்குத் தேறியிருந்தாலும் பைப்புதான். பிப்ரவரியில் பாதி நாள் பைப்பாகவே போயிற்று.  ஜெனி பயிற்சி நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டாள்.

மே மாதம் ஒரு புதன்கிழமை, முதல்முறையாகத் தரையிலிருந்து கிளீன். முதலில் இருபத்தைந்து, அதில் ஐந்து தடவையும் ஒரே மாதிரி வந்த மறுவாரம் இருபத்தேழரை. ராடு முழங்காலைத் தாண்டி, தொடையை உரசிக்கொண்டு ஏறியது. அவள் அதன் கீழே போய் உட்கார்ந்து, முழங்கை உயர்ந்திருக்க, அசையாமல் ஒரு கணம் இருந்து எழுந்தாள். கால்களில் நடுக்கமே இல்லை. இந்தக் காலும் இந்த முதுகும் போன வருடம் இருந்திருந்தால், பலகையில் அவனைச் சறுக்கி நாற்காலிக்குக் கொண்டுபோயிருப்பாள், தினமும், முகம் சுளிக்காமல். அதை நினைத்துக்கொண்டே ராட்டைக் கீழே விட்டாள்.

"சூப்பர்க்கா. அப்டியே இன்னும் ரெண்டு," என்றாள் ஜெனி.

செங்கொடி பிடி வழுக்காமலிருக்கக் கையில் வெள்ளைப் பொடியைத் தடவிக்கொண்டாள். இன்னும் இரண்டு செய்தாள். பிறகு தட்டுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் அடுக்கினாள். ஏழு மணிக்குக் கடையில் அரைக் கிலோ தக்காளி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு போட வேண்டும் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.